தறிச் சத்தத்துக்கு நடுவில் போன் பேசுவது: எங்கே நிற்பது, எப்படிப் பிடிப்பது, எந்த வேகத்தில் சொல்வது

"அண்ணா, பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்துல இருக்கிறனுங்க. நூல் பார்ட்டிக்கோ சைசிங்குக்கோ போன் போட்டா, நான் எவ்வளவு கத்துனாலும் அங்க வெறும் இரைச்சல்தான் கேக்குதுங்கறாங்க. அறுவது கோன்னு சொன்னா எழுவது வந்து எறங்குது. போனை மாத்தணுங்களா, இல்ல பேசற முறையிலயே ஏதாவது இருக்குங்களா?"

போனை மாற்றுவதற்கு முன்னால் அதைத் திருப்பி அடிவிளிம்பைப் பாருங்க தம்பி. சார்ஜர் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், அதுதான் மைக். சோமனூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், "மைக் போயிருச்சுங்க" என்று தறிக்காரர்கள் கொண்டுவருகிற போன்களில் நிறைய தடவை மைக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பஞ்சுத் தூசியும் வியர்வையும் கை எண்ணெயும் சேர்ந்து அந்த ஓட்டையில் மெத்தைப் பஞ்சு மாதிரி இறுகிப்போய் உட்கார்ந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, மைக் ஓட்டை தரையைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஈரமில்லாத மெல்லிய பல் பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். ஊசி, சிம் எடுக்கிற கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள், ஓட்டைக்குப் பின்னால் இருக்கிற சன்னமான வலை கிழிந்துவிட்டால் அப்புறம் நிஜமாகவே மைக் மாற்ற வேண்டிவரும். கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். பின்னால் மாட்டியிருக்கிற கவர் அந்த ஓட்டையை அரைவாசி மறைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், விலை குறைந்த கவர்களில் ஓட்டை சரியான இடத்தில் வராது. இதெல்லாம் ஆனபிறகு ராத்திரி வீட்டில் சத்தமில்லாத அறையில் ஒருவருக்குப் போன் போட்டு நாலு வரி பேசுங்கள். அங்கே தெளிவாகக் கேட்கிறது என்றால் போன் நன்றாகத்தான் இருக்கிறது, மீதி எல்லாம் நிற்கிற இடத்திலும் பிடிக்கிற முறையிலும் சொல்கிற விதத்திலும் இருக்கிறது.

நிற்கிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது சரியில்லாமல் மற்றதைச் செய்து பெரிய பலன் இல்லை. நாடா ஓடுகிற தறிக்கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டித்தான் இருக்கும். நாம் சாதாரணமாகப் பேசுகிற குரல் ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் சுமார் 60. வாயை மைக்குக்கு நெருக்கமாக, 5 சென்டிமீட்டரில் வைத்தால் அதே குரல் மைக்குக்கு 86 அளவில் போய்ச் சேரும். பாருங்கள், இவ்வளவு நெருங்கியும் கூடத்துக்குள் நின்றால் தறிதான் ஜெயிக்கிறது. கொஞ்சம் குரலை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் நெருங்கினால் இரண்டும் சமமாகும், அவ்வளவுதான். சமமாக இருந்தால் எதிரில் இருப்பவருக்குக் குரல் கேட்கும், சொல் தெளிவாக விளங்காது.

இங்கே பலரும் என்ன செய்கிறார்கள் என்றால், தறி ஓடிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து எழுந்து கூடத்தின் மறுகோடிக்குப் போய் நின்று பேசுகிறார்கள். அதனால் கிடைப்பது ரொம்பக் குறைவு. வெட்டவெளியில் என்றால் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் வெறும் சுவரும் இருக்கிற கூடத்தில் சத்தம் மோதி மோதித் திரும்பி எல்லா மூலைக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பரவி நிற்கிறது. பக்கத்துத் தறிகள் சிலவற்றை நிறுத்திப் பேசலாம் என்றாலும், கூடம் முழுக்கப் பரவியிருக்கிற சத்தம் பாதித் தறியை நிறுத்தினால்கூட 3 டெசிபல்தான் இறங்கும், காதுக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. வாசலைத் தாண்டி வெளியே வந்து, சுவரைச் சுற்றித் திரும்பி, வாசல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்றால் கிடைக்கிற வித்தியாசமே வேறு. சத்தம் மூலையைச் சுற்றி வளைந்து வரும்போது அதிலிருக்கிற கூர்மையான பகுதி, நாடா அடிக்கிற அந்த "டக் டக்", நிறைய அடங்கிவிடும். வெறும் இரைச்சலை விட அந்த அடிதான் சொல்லை உடைக்கிறது. மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தத்தைப் போனே அடையாளம் பிடித்துக் கழித்துவிடும். அடித்து அடித்து வருகிற சத்தத்தைக் கழிப்பது அதற்குச் சிரமம், கழிக்கப்போய் உங்கள் சொல்லையும் சேர்த்து வெட்டிவிடும்.

வெளியே வந்தபின் கூடத்துக்கு முதுகைக் காட்டி, முகம் திறந்த வெளியைப் பார்த்தபடி நில்லுங்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு ஒண்டிப் பேசினால் மறைவாக இருக்கிற மாதிரி தோன்றும், ஆனால் பின்னாலிருந்து வருகிற சத்தம் அந்தச் சுவரில் பட்டு நேராக மைக்குக்கே திரும்பும். இரண்டு கூடங்களுக்கு நடுவில் இருக்கிற சந்தும் அதே காரணத்தால் ஆகாது.

இப்போது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். இதற்கு அளவுகோல் இரண்டு விரல், அதாவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்த அகலம், 3 முதல் 4 சென்டிமீட்டர் வரும். இந்த அளவில் கொஞ்சம் கூடினாலும் இழப்பு பெரிது. இரண்டு விரல் நாலு விரலானால் உங்கள் குரல் 6 டெசிபல் இறங்கும், தறிச் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். கத்திச் சம்பாதிப்பதை இரண்டு விரல் அகலத்தில் தொலைத்துவிடுகிறோம். அதுவும் நமக்குத் தெரியாமலே. எதிரில் இருப்பவர் பேசுவது சரியாகக் கேட்காதபோது போனின் மேல்பகுதியைக் காதோடு அழுத்துவோம், அப்போது அடிப்பகுதி கன்னத்தை விட்டு வெளியே விலகும். நாம் பேச ஆரம்பிக்கும்போதும் அது விலகியபடியே இருக்கும். தோளுக்கும் தலைக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நூல் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு மைக் தாடைக்குக் கீழே எங்கேயோ கழுத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் போனின் அடிவிளிம்பு கன்னத்தைத் தொடட்டும். அப்படித் தொட்டால் மைக் தானாகவே வாயோரத்துக்கு வந்துவிடும்.

வாயோரம் என்றுதான் சொன்னேன், வாய்க்கு நேர் எதிரே இல்லை. நேர் எதிரே இரண்டு விரலில் வைத்தால் "ப", "க", "ட" சொல்லும்போது வாயிலிருந்து வருகிற காற்று மைக்கில் போய் மோதும், அங்கே "புஃப்" என்று ஒரு வெடி கேட்கும், அந்த எழுத்தே காணாமல் போகும். உதட்டின் ஓரத்தில், கன்னத்தை ஒட்டி இருந்தால் காற்று பக்கத்தில் போய்விடும், குரல் மட்டும் போய்ச் சேரும். அதைவிட நெருக்கி உதட்டையே மைக்கில் ஒட்டிக்கொண்டு கத்தினால் மைக் தாங்காமல் குரல் உடைந்து, "கர்கர்" என்று வேறொரு இரைச்சலாக மாறிப் போகும்.

இன்னொன்று, ஸ்பீக்கரில் போட்டுப் போனை முகத்துக்கு முன்னால் தட்டையாகப் பிடித்து அடிவிளிம்பைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. தறிக்கூடத்துப் பக்கம் அது வேண்டாம். இப்போது வருகிற பெரும்பாலான போன்களில் இரண்டாவதாக ஒரு மைக் மேல்விளிம்பிலோ கேமராவுக்குப் பக்கத்திலோ இருக்கிறது. காதில் வைத்துப் பேசும்போது கீழ் மைக்கில் உங்கள் குரல் பலமாகவும் மேல் மைக்கில் பலவீனமாகவும் விழும், தறிச் சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி விழும். இரண்டுக்கும் பொதுவாக வருவது இரைச்சல் என்று கணக்குப் போட்டுத்தான் போன் அதைக் கழிக்கிறது. முகத்துக்கு முன்னால் தள்ளிப் பிடித்தால் உங்கள் குரலும் இரண்டு மைக்கிலும் ஏறக்குறைய சமமாக விழும், அப்புறம் எது குரல் எது இரைச்சல் என்று பிரிக்கப் போனுக்கு வழியில்லை.

கை வைக்கிற இடம் இதோடு சேர்ந்தது. உங்கள் போனை இப்போதே காதில் வைத்துப் பாருங்கள், சுண்டுவிரல் எங்கே இருக்கிறது? பெரிய போன் வந்தபிறகு வழுக்காமல் இருக்கச் சுண்டுவிரலை அடிவிளிம்புக்குக் கீழே முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. அந்த விரல் சரியாக மைக் ஓட்டையின் மேல்தான் உட்காரும். நானும் கடையில் கவனித்துவிட்டேன், "என் குரலே போகமாட்டேங்குதுங்க" என்று சொல்கிறவர்களைப் பேசிக் காட்டச் சொன்னால் முதலில் தெரிவது அந்த விரல்தான். போனின் இரண்டு பக்க ஓரத்தையும் விரல் நுனிகளால் பிடியுங்கள், கட்டை விரல் ஒரு பக்கம், மற்ற மூன்று விரல் மறுபக்கம், சுண்டுவிரல் சும்மா மடங்கி இருக்கட்டும், உள்ளங்கை போனின் முதுகைத் தொட வேண்டாம். உள்ளங்கை முழுக்க ஒட்டினால் மேலே இருக்கிற இரண்டாவது மைக் மூடிக்கொள்ளும், அப்போது இரைச்சல் கழிக்கிற வேலை நின்றுபோகும், சத்தம் முழுதாக எதிரில் போகும்.

மறு கையால் வாயையும் போனையும் சேர்த்துக் குவித்து மூடிக்கொள்கிறோமே, அது வேலை செய்கிற மாதிரி நமக்குத் தோன்றும், ஏனென்றால் நம் குரல் நமக்கு நன்றாகக் கேட்கும். எதிரில் கேட்கிறவருக்கு அது பானைக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரிதான். அடித்தொண்டைச் சத்தம் பெருகி, மெய்யெழுத்து மழுங்கிவிடும். கையைத் தடுப்பாக வைக்க வேண்டுமென்றால் விரல்களைச் சேர்த்து நீட்டி, சத்தம் வருகிற பக்கத்தில், போனைத் தொடாமல் நாலைந்து விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள், வாய்க்கு முன்னால் திறந்தே இருக்கட்டும். ஆனால் அந்தக் கைக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது. போன் வைக்காத காதில், கன்னத்தை ஒட்டி இருக்கிற சின்ன மடலை உள்ளே அழுத்தி அந்தக் காதை முழுசாக அடைத்துவிடுங்கள். எதிரில் பேசுவது கேட்பதற்கு மட்டும் சொல்லவில்லை. காது அடைபட்டதும் உங்கள் குரலே உங்கள் தலைக்குள் பெரிதாகக் கேட்க ஆரம்பிக்கும், தானாகவே கத்துவதை நிறுத்துவீர்கள்.

கத்துவதை ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், இரைச்சலில் குரலை உயர்த்துவது நாம் யோசித்துச் செய்வதில்லை. எட்டியென் லொம்பார் என்கிற பிரெஞ்சு காது மருத்துவர் 1911இலேயே இதை எழுதியிருக்கிறார், காதில் இரைச்சல் விழுந்தால் மனிதன் தன்னை அறியாமல் சத்தமாகப் பேசுகிறான் என்று. கொஞ்சம் உயர்த்துவதில் தப்பில்லை, எதிரில் இருப்பவருக்கும் அது உதவும். எல்லை தாண்டிக் கத்தும்போதுதான் சிக்கல். கத்தினால் அதிகம் பெருகுவது உயிரெழுத்துகள்தான். "அண்ணோவ்" என்பது நன்றாகக் கேட்கும், அதற்குப் பிறகு வருகிற "அறுவது கோனு" என்பதில் "அ", "உ", "ஓ" மட்டும் போய்ச் சேரும், "ற", "வ", "த" எல்லாம் தறியோடு போய்விடும். சொல்லை அடையாளம் காட்டுவது மெய்யெழுத்துகள். அவை நாக்கும் உதடும் செய்கிற வேலை, தொண்டையால் அவற்றைப் பெரிதாக்க முடியாது. அதனால் எதிரே ஒரு மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறவரிடம் பேசுகிற அளவுக்குக் குரலை வைத்துக்கொண்டு, வாயை மட்டும் நன்றாகத் திறந்து மூடிப் பேசுங்கள்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் "மெதுவாப் பேசு" என்பார்கள். அது பாதிதான் சரி. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னால் மறுபடியும் நீளுவது உயிரெழுத்துதான், "அறூஊவதூ" என்று ஆகி இன்னும் குழப்பும். சொல்லைச் சொல்கிற வேகத்திலேயே சொல்லுங்கள், மூன்று நாலு சொல் ஆனதும் ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துங்கள். அந்த இடைவெளியில்தான் கேட்கிறவர் விட்டுப்போன எழுத்தை மனதுக்குள் ஒட்டவைத்து எடுத்துக்கொள்கிறார். நிறுத்தாமல் போனால் முதல் சொல்லை யோசிப்பதற்குள் அடுத்த மூன்று சொல் தப்பிப்போகும்.

ஆனால் நிறுத்துவதில் ஒரு கண்ணி இருக்கிறது, உங்களுக்கு அறுவது எழுவது ஆனதற்கு இதுவும் காரணமாக இருக்கும். நீங்கள் பேசாமல் இருக்கும்போது போன் உங்கள் பக்கத்துச் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும், திரும்பப் பேச ஆரம்பித்ததும் "இது குரல்தான்" என்று கண்டுபிடித்துத் திறந்துவிடக் கொஞ்சம் தாமதிக்கும். இரைச்சலில் இந்தத் தாமதம் கூடும். அதனால் நிறுத்தத்துக்குப் பிறகு வருகிற முதல் அசை வெட்டுப்படும். இப்போது நம் எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இருவது, அறுவது, எழுவது. வால் எல்லாம் ஒரே மாதிரி, வித்தியாசம் முழுவதும் தலையில்தான் இருக்கிறது. தலை வெட்டுப்பட்டால் கேட்கிறவருக்கு மிஞ்சுவது "ருவது", "றுவது", "ழுவது". இருநூறு, அறுநூறு, எழுநூறும் இப்படித்தான். அதனால் நிறுத்தியபிறகு எண்ணில் தொடங்காதீர்கள். முன்னால் வெட்டுப்பட்டால் பரவாயில்லாத ஒரு சொல்லை வையுங்கள், "கோன் வந்து", "ரேட் வந்து" என்று. எண்ணைச் சொல்லிவிட்டு உடனே தனித்தனி இலக்கமாகவும் சொல்லுங்கள், "அறுபது, ஆறு சைபர்". எண்ணை எழுத்துத் தமிழில் "அறுபது" என்று "ப" வைத்துச் சொல்லுங்கள். பேச்சில் அது "வ" ஆகிக் கரைந்துவிடுகிறது, "ப" என்றால் உதடு மூடித் திறக்கிறது, அந்த அடி காதில் விழும். ஆனால் எழுபதிலும் அதே "ப" வரும், அதனால் ஆறும் ஏழும் குழம்பாமல் இருக்க இங்கிலீஷ் இலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சிக்சும் செவனும் குழம்புவது குறைவு.

நீங்கள் கேட்ட அந்த அழைப்பையே எடுத்துக்கொள்வோம். இப்போது எப்படிப் பேசுவீர்கள்? தறிக்குப் பக்கத்தில் நின்றபடி, "அண்ணோவ் நாப்பதாங் கவுண்ட்டு ஊடை அறுவது கோனு காத்தால ஏழு மணிக்குள்ள அனுப்பி உடுங்க கேக்குதுங்களா" என்று ஒரே மூச்சில். அதில் மூன்று எண் இருக்கிறது, மூன்றும் நடுவில் புதைந்து கிடக்கிறது. கடைசியில் "கேக்குதுங்களா" என்றால் அவர் "கேக்குது கேக்குது" என்றுதான் சொல்வார், ஏதோ ஒரு எண் அவர் காதில் விழுந்திருக்கிறதே, அது தப்பான எண் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்து, கூடத்துக்கு முதுகு காட்டி நின்று, அடிவிளிம்பைக் கன்னத்தில் வைத்து, மறு காதை அடைத்துக்கொண்டு இப்படிச் சொல்லுங்கள். "அண்ணா, பல்லடத்திலிருந்து பேசறனுங்க, நூல் ஆர்டர்." நிறுத்தம். அவர் "சொல்லுங்க" என்கிறவரை காத்திருங்கள், இந்தச் சில நொடியில் போனும் உங்கள் இரைச்சலைப் பழகிக்கொள்ளும். "ஊடை நூலுங்க, கவுண்ட் வந்து நாற்பது, நாலு சைபர்." நிறுத்தம். "கோன் வந்து அறுபது, ஆறு சைபர், சிக்ஸ் ஜீரோ." நிறுத்தம். "நாளைக்குக் காலையில, மணி வந்து ஏழு, செவன், அதுக்குள்ள வேணுங்க." அப்புறம், "கவுண்ட் எத்தனை, கோன் எத்தனைன்னு ஒருக்கா திருப்பிச் சொல்லுங்ணா." அவர் திருப்பிச் சொன்னால்தான் ஆர்டர் போனதாக அர்த்தம். அவர் தப்பாகச் சொன்னால் "இல்லைங்க அறுபது, அறுபது" என்று அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொல்லாதீர்கள், ஒருமுறை தப்பாக விழுந்த சொல் மறுபடியும் அப்படியே விழத்தான் வாய்ப்பு அதிகம். வழியை மாற்றுங்கள். "அம்பதும் பத்தும்" என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் "அஞ்சு டஜன்" என்று சொல்லுங்கள்.

அவர் பேசும்போது உங்கள் பக்கம் மியூட் போட்டுக்கொண்டால் அவருக்கு இரைச்சல் போகாது, அவரும் கத்தாமல் பேசுவார், உங்களுக்கும் விளங்கும். திரும்ப எடுக்க மட்டும் மறக்கக்கூடாது.

இயர்போன் விஷயம், சுருக்கமாக. காதுக்குள் சொருகுகிற ப்ளூடூத் பொட்டு மாதிரி இருப்பவற்றின் மைக் காதோரமே இருந்துவிடுகிறது, வாயிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி. தறிக்கூடத்துக்கு அதை நம்ப வேண்டாம். வயர் வைத்தது பரவாயில்லை, ஆனால் அதன் மைக் நெஞ்சுக்குப் பக்கத்தில் சட்டையில் உரசிக்கொண்டு தொங்கும். அதை இரண்டு விரலால் வயரில் பிடித்து, ஓட்டையை மூடாமல், வாயோரத்துக்குக் கொண்டுவந்தால் போனைக் காதில் வைத்துப் பேசுவதற்குச் சமமாக வேலை செய்யும்.

வெளியே வரச் சொன்னேன், ஆனால் வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசுகிற காத்து இருக்கிறதே, அது தறியைவிட மோசம். காத்து ஓட்டையில் நேரடியாக உரசி மைக்கிலேயே உண்டாகிற சத்தம் அது, தள்ளிப்போய் நின்றெல்லாம் குறைக்க முடியாது, போனாலும் முழுசாகக் கழிக்க முடியாது. உங்களுக்கு அது தெரியவே தெரியாது, எதிரில் இருப்பவர்தான் "கொரகொரன்னு கேக்குது" என்பார். அப்போது காத்துக்கு முதுகைக் காட்டி, கொஞ்சம் குனிந்து, போன் மார்புப் பக்கத்து மறைவுக்குள் வருகிற மாதிரி நில்லுங்கள். காத்தும் தறிச் சத்தமும் எதிரெதிர்த் திசையில் வந்தால் காத்துக்குத்தான் முதுகு. தறியைச் சுவர் பார்த்துக்கொள்ளும்.

ஊடை அறுந்து நிற்கிறது, கூடத்தை விட்டு வரவே முடியாது என்கிற நேரத்தில் மேலே சொன்னது எதுவும் முழுசாகக் கைகொடுக்காது. போனை எடுத்து "வெளிய வந்து கூப்படறனுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, கவுண்ட், கோன், மணி மூன்றையும் எண்ணில் வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள். வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டாம், அதிலும் இதே தறிதான் ஓடும்.